‘ஆல்மோஸ்ட் டன்’ சொல்வது எப்படி?

கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில், கம்பெனி கேபில் உட்கார்ந்தபடி தூங்கப் பழகியாயிற்று. ஜாவா தெரியும், எஸ்க்யூஎல் தெரியும், நேர்காணலில் லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி வேலை வாங்கியவர் நீங்கள். முதல் வாரக் கூட்டத்தில் ஒருவர் கேட்கிறார்: “அந்த ஸ்டோரி போன ஸ்ப்ரின்ட்ல ஸ்பில் ஆயிடுச்சுல்ல, பேக்லாக்ல மேல தூக்கிடலாமா, இல்ல இந்த ரிலீஸ்லயே புடிச்சிடலாமா?” சுற்றிலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நீங்களும் ஆட்டுங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

இரண்டாம் நாளிலிருந்து போதாது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாக்கு ஒளிந்திருக்கிறது. யார் யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு கெட்டியானது, எதுவரை மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அது புரியாமல் தலையாட்டினால் நீங்கள் கொடுக்காத வாக்கு உங்கள் பெயரில் ஏறிவிடும். பயிற்சி வகுப்பில் காட்டுகிற வட்ட வட்டமான படங்களை மறந்துவிடுங்கள். ஒரே ஒரு டிக்கெட்டின் பின்னாலேயே நடந்து போய்ப் பார்ப்போம்.

கற்பனை நிறுவனம் ஒன்று. மின்கட்டணம், தண்ணீர் வரி, செல்போன் ரீசார்ஜ் எல்லாவற்றையும் கட்ட ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருவர் ரயிலில் போய்க்கொண்டே 1,840 ரூபாய் மின்கட்டணம் கட்டுகிறார். பொத்தானை அமுக்கியதும் திரையில் வட்டம் சுற்றுகிறது. சிக்னல் இல்லாததால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை தீர்ந்து இன்னொரு முறை அமுக்குகிறார். வங்கியிலிருந்து இரண்டு எஸ்எம்எஸ் வருகின்றன. ஒரே பில்லுக்கு இரண்டு முறை 1,840. அவர் கோபமாகப் போன் செய்ய, சப்போர்ட்டில் இருப்பவர் ஜிராவில் ஒரு டிக்கெட் போடுகிறார். அதற்கு `PAY-417` என்று எண் விழுகிறது. இனி இதுதான் நம் கதாநாயகன்.

பிறந்த குழந்தையை நேராகக் கொண்டுபோய்ப் போடும் இடம் பேக்லாக். செய்ய வேண்டியவை, செய்தால் நல்லது என்பவை, யாரோ ஒருவர் என்றோ ஆசைப்பட்டவை எல்லாம் வரிசையாக நிற்கும் பட்டியல் அது. பொறியியல் படித்தவர்களுக்கு உடனே அரியர் ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அரியரைக் கிளியர் பண்ணாமல் டிகிரி கிடையாது. பேக்லாக்கையோ யாரும் கிளியர் பண்ணுவதில்லை, பண்ணச் சொல்லிக் கேட்பதுமில்லை. மேலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள், கீழே விழுந்துகொண்டே இருக்கும். பட்டியலில் இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் மதிப்பு. அந்த வரிசையைத் தீர்மானிக்கும் உரிமை ப்ராடக்ட் ஓனர் என்ற ஒரே ஆளிடம் இருக்கிறது. மேனேஜர் குரலை உயர்த்தினாலும் சரி, கிளையன்ட் நள்ளிரவில் மெயில் அனுப்பினாலும் சரி, விதிப்படி அவர் வழியாகத்தான் வரவேண்டும். விதிப்படி என்றேன்.

ஆகவே “பேக்லாக்ல போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் தொனியைக் கவனியுங்கள். சொல்லிக்கொண்டே ப்ராடக்ட் ஓனர் திரையைத் திறந்து, டிக்கெட்டை இழுத்து மேலே வைத்தால் அது நடக்கப்போகிற காரியம். சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினால், “மாட்டோம்” என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று பொருள். செத்துப்போன டிக்கெட்டையும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். எப்போது முடிந்ததாகக் கொள்வது என்ற நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்காது, மதிப்பீடு இருக்காது, கடைசியாக அதில் கருத்து எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

நம் `PAY-417` முதலில் 58-வது இடத்தில்தான் விழுந்தது. காரணம் தலைப்பு. அவசரத்தில் “பேமென்ட் இஷ்யூ” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதே பெயரில் ஏற்கெனவே நான்கு டிக்கெட்டுகள் இருந்தன. “நெட்வொர்க் மெதுவாக இருக்கும்போது இரண்டு முறை அமுக்கினால் இரண்டு முறை பணம் பிடிக்கப்படுகிறது” என்று டெஸ்டர் அக்கா திருத்தினார். அதன் கீழே எந்தத் திரை, என்ன செய்தால் இது நடக்கிறது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று நான்கு வரி. அன்று மாலையே அது மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர் யார் அனுமதியும் கேட்காமல் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான். தலைப்பைத் திருத்துவதை யாரும் தடுக்கமாட்டார்கள்.

மேலே வந்த டிக்கெட்டை உட்கார்ந்து அலசுவதற்குப் பெயர் ரிஃபைன்மென்ட். பழைய ஆட்கள் க்ரூமிங் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இங்கேதான் ஸ்டோரி பாயின்ட் என்ற விசித்திர நாணயம் புழக்கத்துக்கு வருகிறது. 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள் எழுதிய சீட்டுகள் எல்லோர் கையிலும் இருக்கும், இப்போதெல்லாம் திரையில் இருக்கும். டிக்கெட்டைப் படித்ததும் ஒவ்வொருவரும் ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ப்ளானிங் போக்கர் என்ற இந்த விளையாட்டை 2002-ல் எழுதி வைத்தவர் ஜேம்ஸ் க்ரெனிங். ஒரே நேரத்தில் காட்டுவது எதற்கென்றால், சீனியர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் அதே எண் தோன்றிவிடும். இருந்தாலும் நம் ஊர் அணிகளில் லீடின் முகத்தைப் பார்த்துவிட்டு அரை நொடி தாமதமாகச் சீட்டைத் தூக்குகிற கலை நன்றாக வளர்ந்திருக்கிறது. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். அதனால் என்ன நஷ்டம் என்பதை இந்த டிக்கெட்டே காட்டும்.

நீங்கள் 2 காட்டினீர்கள். ஒரு முறை அமுக்கியதும் பொத்தானை முடக்கிவிட்டால் போதும், எதற்கு இவ்வளவு பேச்சு என்று நினைத்தீர்கள். மூலையில் காபியோடு உட்கார்ந்திருந்த சீனியர் 8 காட்டினார். சட்டப்படி இப்போது சின்ன எண்ணும் பெரிய எண்ணும் காட்டிய இருவரும்தான் பேச வேண்டும். நீங்கள் உங்கள் பொத்தானைப் பற்றிச் சொன்னீர்கள்.

“பட்டனை டிசேபிள் பண்ணுப்பா, வேணாங்கல,” என்றார் சீனியர். “ஆனா கை அமுக்குறது மட்டுமா ரெண்டாவது ரிக்வெஸ்ட்? நம்ம நெட்வொர்க் லைப்ரரியே பதில் வரலைன்னா தானா இன்னொரு தடவை அனுப்பும். முதல் தடவை பணம் போயிடுச்சு, பதில்தான் வழியில தொலைஞ்சுதுன்னு வை. அதுக்கு எப்படித் தெரியும்?”

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் ஆப் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, கோரிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். சர்வர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அதே எண் மறுபடி வந்தால், புதிதாகப் பணம் பிடிக்காமல் முதல் முறை கிடைத்த பதிலையே எடுத்துத் திருப்பித் தரும். இதற்கு ஐடெம்பொட்டன்சி கீ என்று பெயர். கோரிக்கையின் தலையில் இப்படி ஒரு வரி கூடுதலாகப் போகும்:

```
POST /payments
Idempotency-Key: 7f3a
```

அதோடு, ஏற்கெனவே இரட்டிப்பாகப் பணம் போனவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பித் தருவதும் அவருடைய 8-க்குள் இருந்தது. அந்தப் பகுதியைப் பிரித்து `PAY-431` என்று தனி டிக்கெட் ஆக்கினார்கள். மீதிக்கு 5 என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கவனித்தீர்களா, 5 என்ற எண்ணால் பெரிய பயன் ஒன்றுமில்லை. 2-க்கும் 8-க்கும் நடுவே இருந்த இடைவெளியால்தான் பயன். லீடின் முகத்தைப் பார்த்து எல்லோரும் 3 காட்டியிருந்தால் அந்தத் தானியங்கி மறுமுயற்சி பற்றி யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு பாயின்ட் என்றால் எத்தனை மணி நேரம் என்று நிச்சயம் கேட்கத் தோன்றும். கேட்டால், “அப்படியெல்லாம் கணக்கு கிடையாது, இது ரிலேட்டிவ்” என்று பதில் வரும். பிறகு அதே ஆள் எக்ஸெல்லில் ஒரு பாயின்ட்டுக்கு இத்தனை மணி என்று பெருக்கிக் கிளையன்ட்டுக்கு அனுப்புவார். இரண்டையும் கண்டுகொள்ளாமல் இருப்பது பணிப்பண்பு. ஸ்டோரி பாயின்ட்டை ஒருவேளை தானே கண்டுபிடித்திருக்கலாம் என்றும், அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் ரான் ஜெஃப்ரீஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடி அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர் அவர். உங்கள் ஸ்க்ரம் மாஸ்டரிடம் இதைச் சொல்ல நினைத்தால், அப்ரைசல் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

இனி ஸ்ப்ரின்ட். ஒரு மாதத்துக்கு மிகாத, நீளம் மாறாத காலத்துண்டு. பெரும்பாலான அணிகளில் இரண்டு வாரம். பேக்லாக்கின் உச்சியிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து, இந்த இரண்டு வாரத்தில் இவ்வளவு என்று ஒதுக்கிக்கொள்வார்கள். அந்த ஒதுக்கீட்டுக்கு ஸ்ப்ரின்ட் பேக்லாக் என்று பெயர். எவ்வளவு கிள்ளுவது என்பதற்கு வெலாசிட்டி என்ற கணக்கு உதவுகிறது. கடந்த மூன்று ஸ்ப்ரின்ட்களில் முழுக்க முடித்த பாயின்ட்கள் 21, 18, 24 என்றால் சராசரி 21. ஆகவே இந்த முறையும் ஏறக்குறைய 21 எடுக்கலாம். நடுவில் பொங்கல் வந்தால், பாதிப்பேர் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள் என்பதால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். அமெரிக்கக் கிளையன்ட்டுக்கு இது முதல் வருடம் புரியாது. இரண்டாம் வருடத்திலிருந்து அவரே “ஹேப்பி பொங்கல்” என்று அனுப்பிவிட்டு, டெலிவரி தேதியைக் கேட்பார்.

வாக்கு விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இது. “டீம், ஆர் வி கமிட்டிங்?” என்று ஒருவர் கேட்பார். கமிட் என்ற அந்தச் சொல் முன்பு ஸ்க்ரம் கையேட்டிலேயே இருந்தது. ஸ்ப்ரின்ட்டில் எடுத்த வேலை முழுவதையும் முடிப்பதாக அணி உறுதி கொடுப்பது போல எழுதியிருந்தார்கள். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 2011-ல் கையேட்டைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு ஃபோர்காஸ்ட் என்று போட்டார்கள். முடியும் என்று இப்போதைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். 2020 பதிப்பில் ஸ்ப்ரின்ட் பேக்லாக்குக்கும் கமிட்மென்ட் என்ற சொல் வந்து சேர்ந்தது, ஆனால் அங்கே அது ஒட்டிக்கொண்டிருப்பது ஸ்ப்ரின்ட் கோல் என்ற ஒற்றை இலக்கோடு. டிக்கெட் எண்ணிக்கையோடு அதற்குச் சம்பந்தமில்லை. இந்த ஸ்ப்ரின்ட்டின் இலக்கு, “ஒரே பில்லுக்கு இருமுறை பணம் பிடிக்கக்கூடாது.” அது நிறைவேறினால், ஓரத்தில் இருந்த ஐகான் நிறம் மாறாமல் போனாலும் ஸ்ப்ரின்ட் வெற்றிதான். 2011 திருத்தம் நம் ஊர் மீட்டிங் அறைகள் சிலவற்றுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “கோலுக்கு கமிட் பண்றோம், மத்தது ஃபோர்காஸ்ட்.” சொல்லிவிட்டு உடனே தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடியுங்கள். குடிக்கிறவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

(பணம் சம்பந்தப்பட்ட பிழைக்கு ஸ்ப்ரின்ட் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், உடனே ஹாட்ஃபிக்ஸ் போட வேண்டாமா என்று கேட்பவர்கள் நன்றாக வருவீர்கள். பல இடங்களில் அப்படித்தான் போகும். ஹாட்ஃபிக்ஸ் என்றால் வரிசை, ஸ்ப்ரின்ட் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு உடனே அனுப்பும் திருத்தம். இங்கே புகார் செய்தவர்களுக்கெல்லாம் சப்போர்ட்டில் கையால் பணத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் ப்ராடக்ட் ஓனர் இரண்டு வாரம் பொறுக்கலாம் என்று முடிவு செய்தார். அது அவருடைய முடிவு, என்னுடையது அல்ல.)

ஸ்ப்ரின்ட் தொடங்கியதும் தினமும் 15 நிமிடம் ஸ்டாண்ட்அப். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை ஏதாவது உண்டா என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் ஒப்பிப்பது வழக்கம். 2020-ஆம் ஆண்டுக் கையேட்டிலிருந்து இந்த மூன்று கேள்விகளையும் நீக்கிவிட்டார்கள். நம் நாக்கிலிருந்து நீக்க இன்னும் யாராலும் முடியவில்லை. இலக்கை நோக்கி வேலை நகர்கிறதா என்று சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம். மேனேஜர் மூலையில் நின்று குறிப்பெடுக்க ஆரம்பித்தால், அது ஹாஜர் எடுக்கும் கூட்டமாகிவிடும்.

இங்கே வழங்கும் தனிமொழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். “இன் ப்ராக்ரஸ்” என்றால் டிக்கெட்டைத் திறந்து பார்த்தாயிற்று. “அனலைஸ் பண்ணிட்டு இருக்கேன்” என்றால் படித்தேன், புரியவில்லை. “மைனர் சேஞ்ச் பெண்டிங்” என்றால் முக்கியமானது பாக்கி இருக்கிறது. “லோக்கல்ல ஒர்க் ஆகுது” என்றால் என் மடிக்கணினியைத் தவிர உலகில் வேறெங்கும் ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் முடிசூடியது “ஆல்மோஸ்ட் டன்.” ஸ்ப்ரின்ட்டின் மூன்றாம் நாளும் இதைச் சொல்லலாம், ஒன்பதாம் நாளும் இதையே சொல்லலாம், இரண்டு நாளும் யாரும் மறுக்க முடியாது. ஆகவேதான் இது ஆபத்தானது. மூன்று நாள் தொடர்ந்து “ஆல்மோஸ்ட் டன்” சொன்ன டிக்கெட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது என்பதை நல்ல லீட் நான்காம் நாள் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தச் சிக்கலைச் சொல்வதற்கென்றே உள்ள சொல் ப்ளாக்கர். அதைச் சொல்லப் புதியவர்கள் அநியாயத்துக்குக் கூச்சப்படுகிறார்கள். நான்காம் நாள் உங்களுக்கும் ஒன்று வந்தது. சோதனைக்கான பேமென்ட் கேட்வே கணக்கின் சாவி உங்களிடம் இல்லை. “கொஞ்சம் டிபெண்டன்சி இருக்கு” என்று முணுமுணுத்தால் எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். “கேட்வே டெஸ்ட் கணக்கோட சாவி வேணும், இன்ஃப்ரா டீம்ல நேத்து காலைல கேட்டேன், பதில் வரல, இன்னிக்கு மதியத்துக்குள்ள வரலைன்னா நாளைக்கு இந்த டிக்கெட் நகராது” என்று சொல்லுங்கள். என்ன வேண்டும், யாரிடம், எப்போது கேட்டீர்கள், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான்கும் அதில் இருக்கின்றன. நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் புலம்பல். சாவி பதினொன்றரைக்கு வந்தது.

எட்டாம் நாள் கோட் ரிவ்யூ முடிந்து மெர்ஜ் ஆயிற்று. டிக்கெட்டை டன் பத்தியில் இழுத்துவிடக் கை அரிக்கும். பொறுங்கள். டன் என்பதற்கு ஒவ்வொரு அணியும் எழுதி வைத்திருக்கும் வரையறை டெஃபினிஷன் ஆஃப் டன். நம் அணியில் அது ரிவ்யூ ஆகியிருக்க வேண்டும், தானியங்கிச் சோதனைகள் தேறியிருக்க வேண்டும், ஸ்டேஜிங் சர்வரில் டெஸ்டர் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்று இருந்தது. இந்த அகராதி முழுவதிலும் கெட்டியான வாக்கு இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நம்பிக்கை, எதிர்பார்ப்பு, பட்டியல். டன் என்றால் உண்மையாகவே முடிந்தது.

கடைசி நாள் காலை டெஸ்டர் அக்கா போனில் நெட்வொர்க் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்துக்கொண்டு, பொத்தானை முடக்காத பழைய திரை ஒன்றில் இரண்டு முறை அமுக்கினார். மறுபடியும் இரண்டு முறை பணம் போயிற்று. லாகைத் திறந்து பார்த்தால் இப்படி இருந்தது:

```
10:42:07 POST /payments key=7f3a bill=B1092 amt=1840
10:42:15 POST /payments key=c81d bill=B1092 amt=1840
```

பில் ஒன்று, தொகை ஒன்று, ஆனால் அடையாள எண் இரண்டு. எண்ணை உருவாக்கும் வரி, பொத்தானை அமுக்கும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள் இருந்தது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது எண் பிறந்தால், ஒவ்வொன்றும் புது முயற்சி என்றுதான் சர்வர் எடுத்துக்கொள்ளும். பூட்டு நல்ல பூட்டு, ஆளாளுக்கு ஒரு சாவி. கட்டணத் திரை திறக்கும்போதே எண்ணை உருவாக்கிவிட்டு, அந்தத் திரை மூடும்வரை அதையே அனுப்ப வேண்டும். திருத்தம் இரண்டு வரிதான். ஆனால் மறுபடி ரிவ்யூ, மறுபடி டெஸ்ட். மாலைக்குள் முடியவில்லை.

முடியாமல் அடுத்த ஸ்ப்ரின்ட்டுக்கு வழிந்தால் அது ஸ்பில்ஓவர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கத்தை மறைக்கச் செய்யும் கணக்குதான் வேடிக்கை. “5-ல 4 முடிஞ்ச மாதிரிதானே, இந்த ஸ்ப்ரின்ட்ல 4 எழுதிட்டு அடுத்ததுல 1 எழுதலாமே” என்று ஒருவர் கண்டிப்பாக யோசனை சொல்வார். கூடாது. முழுதாக முடியாததற்கு வெலாசிட்டியில் பூஜ்யம். அடுத்த ஸ்ப்ரின்ட்டில் முடியும்போது ஐந்தும் அங்கே சேரும். இந்த முறை குறைந்து அடுத்த முறை கூடி, சராசரி தானாகச் சமப்படும். 4 எழுதிவிட்டால், வாடிக்கையாளர் கையில் எதுவும் போகாமலேயே அணி வேகமாக ஓடியதாகக் காகிதம் சொல்லும். அந்தக் காகிதத்தை நம்பி அடுத்த ஸ்ப்ரின்ட்டில் இன்னும் கூடுதலாக அள்ளிக்கொள்வார்கள். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பக்கத்து டீம் வெலாசிட்டி 40, உங்களுடையது 21, ஏன் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ஒவ்வொரு அணியின் பாயின்ட்டும் அந்த அணிக்குள் மட்டும் செல்லும் என்று விளக்கிப் பார்ப்பார்கள். விளக்கம் எடுபடாவிட்டால், அடுத்த மாதம் முதல் நேற்றுவரை 3 ஆக இருந்த வேலை 5 ஆகிவிடும். உற்பத்தி உயராமலேயே வெலாசிட்டி 35 ஆகும், எல்லோரும் கை தட்டுவார்கள்.

ஸ்ப்ரின்ட் முடிவில் ரிவ்யூ, ரெட்ரோ என்று இரண்டு கூட்டங்கள் உண்டு. முதலாவதில் செய்ததைக் காட்ட வேண்டும், இரண்டாவதில் செய்த விதத்தைப் பேச வேண்டும். ரெட்ரோவில் “கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்” என்று எழுதினால் யாருக்கும் காயம் படாது, எதுவும் மாறவும் மாறாது. “கேட்வே சாவி ஸ்ப்ரின்ட் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்” என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு உட்காருங்கள்.

அடுத்த ஸ்ப்ரின்ட்டின் இரண்டாம் நாள் `PAY-417` உண்மையிலேயே டன். அப்படியானால் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டதா? இல்லை. டன் வேறு, ரிலீஸ் வேறு. ரிலீஸ் என்பது வெளியே அனுப்பும் முடிவு. ஆப் இப்போது 3.8.0-வில் இருக்கிறது. புதிய வசதி எதுவும் சேராமல் பிழை மட்டும் திருத்தப்பட்டதால், பலரும் பின்பற்றும் எண்முறைப்படி கடைசி இலக்கம் மட்டும் ஏறி 3.8.1 ஆகும். புது வசதி வந்திருந்தால் 3.9.0. எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் அனுப்பாமல், முதலில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மட்டும் அனுப்பி, ஒரு நாள் லாகைப் பார்த்துவிட்டு மீதிப்பேருக்குத் திறந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் என்று யாராவது சொன்னால், சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ரிலீஸ் நோட். “நீ புதுசுதானே, நீ எழுதிடுப்பா” என்று உங்களிடம்தான் தள்ளிவிடுவார்கள். உங்கள் போனில் உள்ள எந்த ஆப்பையும் திறந்து, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்:

```
Bug fixes and performance improvements.
```

எழுதியவருக்கு எழுத நேரமில்லை, அல்லது என்ன மாறியது என்று தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்ல விருப்பமில்லை. மூன்றில் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி கச்சிதமாக அமைந்த வாக்கியம். கூகுள் ப்ளேயில் இந்த இடத்துக்கு 500 எழுத்து அனுமதி உண்டு, அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவழிக்க மனம் வருவதில்லை. நீங்கள் மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். கமிட் செய்திகளை அப்படியே ஒட்டி, “ஐடெம்பொட்டன்சி கீயை ஆன்-க்ளிக்கிலிருந்து ஆன்-லோடுக்கு மாற்றினோம்” என்று எழுதினால், ரயிலில் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஒரே மாற்றத்தை மூன்று பேருக்கு மூன்று விதமாக எழுத வேண்டும். வாடிக்கையாளருக்கு: “இணைப்பு மெதுவாக இருக்கும்போது மீண்டும் அமுக்கினால் ஒரே பில்லுக்கு இருமுறை பணம் பிடிக்கப்பட்டு வந்தது. அது சரிசெய்யப்பட்டது.” பிழை இருந்தது என்று ஒப்புக்கொள்ள மார்க்கெட்டிங் தயங்கும். “கட்டண அனுபவம் மேம்படுத்தப்பட்டது” என்று மாற்றச் சொல்லும். முடிந்தவரை மல்லுக்கட்டிப் பாருங்கள். உடன் வேலை செய்யும் டெவலப்பர்களுக்கு டிக்கெட் எண், கீ எங்கே உருவாகிறது, சர்வரில் எந்த டேபிளில் சேர்கிறது என்பதெல்லாம் வேண்டும். சப்போர்ட்டில் போன் எடுப்பவர்களுக்கோ சரியானது எது என்பதைவிட, இன்னும் சரியாகாதது எது என்பதுதான் முக்கியம். அதற்கென்று உள்ள தலைப்பு நோன் இஷ்யூஸ். புதியவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், காலியாக இருந்தால் நன்றாக இருக்கிறதே என்று.

நம் 3.8.1-க்கு அங்கே இரண்டு வரி எழுத வேண்டியிருக்கிறது. அடையாள எண் திரை திறக்கும்போது பிறக்கிறது என்றோம். வாடிக்கையாளர் பொறுமையிழந்து ஆப்பையே மூடிவிட்டுத் திரும்பத் திறந்து கட்டினால், புதுத் திரைக்குப் புது எண். முதல் கட்டணம் இன்னும் வங்கியில் தொங்கிக்கொண்டிருந்தால் இப்போதும் இரண்டு முறை போக வாய்ப்புண்டு. பில் எண்ணோடு சேர்த்துச் சர்வரிலேயே சரிபார்த்தால்தான் அது அடைபடும். அதை அப்படியே எழுதுங்கள், டிக்கெட் எண்ணையும் போடுங்கள். இரண்டாவது வரி `PAY-431` பற்றியது. புகார் செய்தவர்களுக்குப் பணம் போய்விட்டது. வங்கிக் கணக்கைப் பார்க்காதவர்கள், பார்த்தும் மறந்தவர்கள், 1,840 ரூபாய்க்கு யார் போன் பண்ணிக்கொண்டிருப்பது என்று விட்டவர்கள் பாக்கி இருக்கிறார்கள். அவர்கள் பணம் இந்த ரிலீஸால் திரும்ப வராது. “விரைவில் திருப்பித் தரப்படும்” என்று எழுதக் கை துறுதுறுக்கும். ப்ராடக்ட் ஓனரிடம் போய் அந்த டிக்கெட் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அவர் தேதி சொன்னால் மட்டும் தேதியோடு எழுதுங்கள். சொல்லாவிட்டால் “இந்தப் பதிப்பில் இல்லை, புகார் வந்தால் கையால் திருப்பவும்” என்று எழுதி, ரிலீஸ் போவதற்கு முந்தைய நாளே சப்போர்ட் டீமுக்கு அனுப்பிவிடுங்கள். மறுநாள் போன் எடுக்கப்போவது அவர்கள்தான்.